வாங்க வந்தவர் தேடிய பொத்தான்

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் இருப்பைச் சரிபார்க்கச் சென்றிருந்தேன். கிடங்கின் சுவரை ஒட்டிய மூன்று அலமாரிகளில் பருத்திப் புடவைகள் மடிப்புக் கலையாமல் அடுக்கப்பட்டிருந்தன. புத்தகத்தில் கண்ட எண்ணிக்கையும் அலமாரியில் கண்ட எண்ணிக்கையும் ஒத்திருந்தன. கணக்கில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை முந்திய தீபாவளிக்கென நெய்து கொடுக்கப்பட்டவை. இருப்பு நகராவிட்டால் சங்கத்தின் பணம் அலமாரியில் முடங்குகிறது. பணம் முடங்கினால் நூல் வாங்குவது தடைப்படுகிறது. நூல் வராவிட்டால் பாவு இல்லை. பாவு இல்லாத தறிக்கு அந்த வாரம் கூலியும் இல்லை. இதனை நெசவாளர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

"இணையத்தின் மூலம் விற்க முயலவில்லையா?" என்று காரியதரிசியைக் கேட்டேன்.

"அதுவும் செய்தாயிற்று ஐயா. துணிப்பைகளில் கியூ.ஆர். குறியை அச்சிட்டுக் கொடுத்தோம். வாட்ஸப்பிலும் அனுப்பினோம். ஆட்கள் வந்து பார்க்கிறார்கள், வாங்காமல் போய்விடுகிறார்கள். கைத்தறிக்கு முன்போல மதிப்பில்லை" என்றார் அவர்.

வருகையைக் காட்டும் கணக்கை அவர் எடுத்துக் காட்டினார். வந்தவர் பலர், கேட்டு எழுதியவர் மிகச் சிலர் என்பது உண்மைதான். ஆனால் அதிலிருந்து "சரக்கு பிடிக்கவில்லை" என்ற முடிவுக்கு உடனே வரலாமா? கடையின் கதவு எங்கே என்று தெரியாமல் திரும்பிப் போனவரும், உள்ளே வந்து சரக்கைப் பார்த்துப் பிடிக்காமல் திரும்பிப் போனவரும் விற்பனைப் புத்தகத்தில் ஒன்றுபோலவே தோன்றுவார்கள். இருவருக்கும் எதிரே பூஜ்யம்தான் இருக்கும். ஆகவே முதலில் கதவைச் சோதித்தோம். அச்சோதனையை எவ்வாறு செய்தோம் என்பதையே இங்கே விவரிக்கிறேன்.

ஒரே வேலைக்கான பக்கம்

விளம்பரத்தையோ கியூ.ஆர். குறியையோ பின்பற்றி வருபவர் முதன்முதலில் வந்து நிற்கும் பக்கத்தைக் கணினித் துறையினர் 'லேண்டிங் பேஜ்' என்பார்கள். நாம் அதை வந்திறங்கும் பக்கம் எனலாம். சங்கத்தின் முகப்புப் பக்கம் வேறு, இது வேறு. முகப்புப் பக்கம் சங்க அலுவலகத்தின் கூடம் போன்றது. உறுப்பினர், வியாபாரி, அதிகாரி எனப் பலரும் பல காரியங்களுக்காக அங்கே வருவார்கள். வந்திறங்கும் பக்கத்துக்கோ ஒரு குறிப்பிட்ட விளம்பரத்தைப் பார்த்தவர் மட்டுமே வருகிறார். அவர் அடுத்து ஒரு காரியம் செய்யவேண்டும். அந்தக் காரியத்துக்காக அவர் அழுத்தவேண்டிய பொத்தானைப் 'பிரதானப் பொத்தான்' என்று இக்கட்டுரையில் குறிப்பிடுகிறேன்.

மறுபரிசீலனையின் முதற்படி, பக்கத்தைப் பார்க்காமலேயே செய்யவேண்டியது. "இங்கு வருபவர் செய்யவேண்டிய ஒரே காரியம் யாது?" என்ற கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் விடை எழுதவேண்டும். நாங்கள் மூவர் தனித்தனியே எழுதினோம். தலைவர் "சங்கத்தைப் பற்றி அறிந்துகொள்ளவேண்டும்" என்றும், காரியதரிசி "விவரங்களை நிரப்பி அனுப்பவேண்டும்" என்றும், நான் "புடவை வாங்கவேண்டும்" என்றும் எழுதியிருந்தோம். சங்கத்தாரிடையே மூன்று விடை இருக்கும்போது, பக்கத்தில் ஒரு விடை இருக்க இயலாது. சிறிது நேரம் பேசிய பின், "இந்தப் பருவத்துப் புடவைகளையும் அவற்றின் விலையையும் பார்க்கச் செய்வது" என்று முடிவு செய்தோம். வாங்குவது அதற்கு அடுத்த படி. விலை அறியாத ஒருவரிடம் முதல் பக்கத்திலேயே வாங்கும்படி கேட்பது முறையன்று.

அழுத்தக்கூடியவை எத்தனை?

இரண்டாவதாக, ஒரு தாளை எடுத்துக்கொண்டு பக்கத்தில் அழுத்தக்கூடியவை அனைத்தையும் எண்ணி எழுதினோம். மேற்பட்டியலில் ஆறு, முகநூல், யூடியூப் குறிகள் இரண்டு, படங்களை நகர்த்தும் அம்புகள் இரண்டு, ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு ஒன்று, உறுப்பினர் நுழைவு ஒன்று, வாட்ஸப் குறி ஒன்று, இறுதியில், படிவத்தின் கீழே நாம் விரும்பும் பொத்தான் ஒன்று. ஆகப் பதினான்கு. அவற்றுள் மிகவும் பளிச்சென்று இருந்தது ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பே. அது சிவப்பில் மின்னிக்கொண்டிருந்தது. புடவை வாங்க வந்த பெண்மணிக்கு அதனால் என்ன பயன்?

பதினான்கையும் அழித்துவிடவேண்டும் என்பதில்லை. உறுப்பினர் நுழைவும் ஒப்பந்தப்புள்ளியும் முகப்புப் பக்கத்தில் இருக்கலாம். வந்திறங்கும் பக்கத்தில் பிரதானப் பொத்தான் ஒன்றும், அதற்கு உதவியாகத் தொலைபேசி எண் ஒன்றும், கீழே முகப்புக்குச் செல்லும் வழி ஒன்றும் போதுமென்று வைத்தோம். தொலைபேசி எண்ணுக்கு நிறம் நிரப்பிய பெட்டி கொடுக்காமல், அடிக்கோடிட்ட எழுத்தாக மட்டும் விட்டோம். ஒரே அளவும் ஒரே நிறமும் உள்ள இரு பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், எது முக்கியம் என்று வருபவரே தீர்மானிக்க வேண்டியதாகிறது. அந்தத் தயக்கத்தில் பலர் பக்கத்தை மூடிவிடுவார்கள்.

முதல் திரையில் என்ன தெரிகிறது?

மூன்றாவது சோதனையை அலுவலக மேசைக் கணினியில் செய்யலாகாது. வாங்குபவர் கையில் இருப்பது போன்ற, விலை குறைந்த கைப்பேசியில் செய்யவேண்டும். பல சிறிய கைப்பேசிகளின் திரை, பக்கம் அமைப்பவர்களின் அளவுப்படி 360 பிக்சல் அகலமும் 640 பிக்சல் உயரமும் கொண்டது. முகவரிப் பட்டை முதலியவை போக, பக்கத்துக்குக் கிடைக்கும் உயரம் ஏறத்தாழ 560 பிக்சல். விரலால் தள்ளாமல் கண்ணில் படுவது இவ்வளவே.

சங்கத்தின் பக்கத்தில் மேலிருந்து கீழாக வந்தவை இவை: சங்கத்தின் சின்னமும் பெயரும், திறப்பு விழாவின் படம், ஸ்தாபகர்களின் உருவப்படங்கள், ஓடும் எழுத்தில் வாழ்த்துரை, சங்க வரலாறு நான்கு பத்திகள், பிறகு ஒரு புடவைப் படம், பிறகு பெயர், முகவரி, அஞ்சல் எண், தொலைபேசி எண் கேட்கும் படிவம், அதன் கீழே பொத்தான். மேலிருந்து அளந்தபோது பொத்தான் 1,900 பிக்சல் தள்ளி இருந்தது. அதாவது மூன்று திரைகளைத் தள்ளி நான்காவது திரைக்கு வருபவருக்கே அது தெரியும். மக்கள் விரலால் தள்ளிப் படிக்கப் பழகியவர்களே. ஆயினும் கீழே ஏதோ இருக்கிறது என்ற நம்பிக்கை மேலே பிறந்தால்தான் தள்ளுவார்கள். இந்தப் பக்கத்தின் முதல் திரையில் புடவை என்ற சொல்கூட இல்லை.

இங்கேதான் சிறிது சங்கடம் நேர்ந்தது. "ஸ்தாபகர்களின் படத்தை எடுத்துவிட்டால் மகாசபையில் நான் என்ன பதில் சொல்வது?" என்று தலைவர் கேட்டார். அவருடைய தகப்பனாரும் அப்படங்களுள் ஒருவர். நான் அவரிடம், "ஐயா, விற்பனை நிலையத்தில் அப்படங்களை எங்கே மாட்டியிருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். உள் சுவரில் என்றார். வாசலை மறைத்து மாட்டவில்லை அல்லவா? படங்களையும் வரலாற்றையும் பக்கத்தின் பின்பகுதிக்கு மாற்றினோம், ஒன்றையும் நீக்கவில்லை. புடவையைப் பார்த்து விருப்பம் கொண்டவர், "இவர்கள் யார், நம்பலாமா?" என்று எண்ணும்போது அந்த வரலாற்றைத் தேடிப் படிப்பார். அதற்கு உரிய இடம் அதுவே.

புதிய முதல் திரையைத் தாளில் கணக்கிட்டோம். சங்கப் பெயர்ப் பட்டைக்கு 56 பிக்சல், ஒரே ஒரு புடவைப் படத்துக்கு 240, இரண்டு வரித் தலைப்புக்கு 64, விலை வரிக்கு 28, இடைவெளி 16, பொத்தானுக்கு 51. மொத்தம் 455. அதற்குக் கீழே 8 பிக்சல் இடைவெளியும், அஞ்சல் செலவைக் கூறும் இரண்டு வரிகளுக்கு 48 பிக்சலும் சேர்த்தால் 511 ஆகிறது. 560-க்குள் அடங்கிவிட்டது. படம் 400 பிக்சல் உயரமாக இருக்கவேண்டும் என்று எவரேனும் விரும்பினால், எதை வெளியே தள்ளப் போகிறோம் என்பது இக்கணக்கிலேயே தெரிந்துவிடும். பாவு நீளத்தை முன்கூட்டியே கணக்கிடும் நமக்கு இது புதிய முறையன்று.

பொத்தானில் எழுதவேண்டிய சொல்

பழைய பொத்தானில் "சமர்ப்பி" என்று இருந்தது. இது படிவம் அமைப்பவரின் சொல். வாங்குபவரின் சொல் அன்று. எதைச் சமர்ப்பிப்பது, சமர்ப்பித்தபின் என்ன நடக்கும், பணம் உடனே கேட்பார்களா, யாராவது தொலைபேசியில் தொல்லை கொடுப்பார்களா என்பவற்றில் ஒன்றுக்கும் அதில் விடையில்லை. விலை தெரியும் முன்பே முகவரியைக் கேட்டதும் அந்த அச்சத்தை மிகுதியாக்கியிருக்கும்.

நல்ல பொத்தான் வாசகத்துக்கு ஒரு எளிய சோதனை உண்டு. "நான்..." என்று தொடங்கி, பொத்தானின் சொற்களை முடிவாக வைத்து, வாங்குபவர் சொல்லக்கூடிய வாக்கியமாக அமைகிறதா என்று பார்க்கவேண்டும். "நான் புடவைகளைக் காண விரும்புகிறேன்" என்று ஒருவர் இயல்பாகச் சொல்வார். "நான் சமர்ப்பிக்க விரும்புகிறேன்" என்று எந்த வாடிக்கையாளரும் சொல்லமாட்டார். ஆதலால் "புடவைகளைக் காண்க" என்று எழுதினோம். "இப்போதே வாங்குங்கள்" என்று எழுதலாமே என்றார் காரியதரிசி. அழுத்தினால் திறப்பது புடவைகளின் வரிசை. பணம் செலுத்தும் இடம் அன்று. பொத்தான் ஒன்றைச் சொல்லி, அடுத்த பக்கம் வேறொன்றைத் திறந்தால், வந்தவர் தாம் ஏதோ தவறு செய்துவிட்டதாக எண்ணித் திரும்பிவிடுவார். வாங்குவதற்கான சொல், விலையும் நிறமும் தேர்ந்த பிறகு வரும் பக்கத்துக்கு உரியது. முகவரி கேட்கும் படிவத்தையும் அங்கேயே, கடைசிப் படியாக மாற்றினோம்.

பக்கம் நீளமாக இருப்பதால் அடியிலும் அதே பொத்தானை ஒருமுறை வைத்தோம். அங்கும் அதே சொற்கள்தாம். மேலே "புடவைகளைக் காண்க" என்றும் கீழே "பட்டியலுக்குச் செல்க" என்றும் எழுதினால், இரண்டும் இருவேறு இடங்களுக்குச் செல்வதாகவே படிப்பவர் கொள்வார்.

உடலும் கரையும்

நிறத்தைப் பற்றி நெசவாளர்களுக்கு நான் சொல்வது சற்றுத் துணிச்சலே. எனினும் திரையின் நிறத்தில் ஒரு வேறுபாடு உண்டு. கோர்வைப் புடவையில் சிவப்பு உடலுக்குப் பச்சைக் கரை எடுப்பாகவே இருக்கும். ஏனெனில் அங்கே நிறமே கண்ணைக் கவர்கிறது. எழுத்தைப் படிப்பதற்கோ நிற வேறுபாடு மட்டும் போதாது. வெளிச்ச வேறுபாடு வேண்டும். திரையில் கலப்பற்ற சிவப்பையும் நடுத்தரப் பச்சையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அதைக் கறுப்பு வெள்ளைப் படமாக மாற்றிப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறமாகிவிடும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்களுக்கு அந்தப் பொத்தான் இல்லாதது போலவே ஆகிவிடும்.

இந்த வெளிச்ச வேறுபாட்டை எண்ணால் அளக்க ஒரு முறை இருக்கிறது. இரண்டும் ஒரே நிறமானால் 1. கறுப்பும் வெள்ளையுமானால் 21. இணையப் பக்கங்களை எல்லோரும் அணுகக்கூடியவாறு அமைப்பதற்கான சர்வதேச நெறிகள், சாதாரண எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5 இருக்கவேண்டும் என்கின்றன. சங்கத்தின் பழைய பொத்தான் பொன் மஞ்சள், அதன்மேல் வெள்ளை எழுத்து. மங்கலகரமான நிறம் என்று தேர்ந்தார்களாம். `#FFD700` என்ற அந்த மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு 1.4 மட்டுமே. அலுவலகத்தின் நிழலில் அது ஒருவாறு தெரிந்தது. பேருந்து நிறுத்தத்தின் வெயிலில் நின்று பார்த்தபோது பெட்டிமட்டுமே தெரிந்தது, எழுத்தைக் காணோம். `#800000` என்ற அரக்குச் சிவப்பின்மேல் வெள்ளை எழுத்து வைத்தபோது வேறுபாடு ஏறத்தாழ 11 ஆயிற்று. பக்கத்தின் வேறெந்த இடத்திலும் அந்த அரக்கு நிறத்தை நிரப்பலாகாது என்றும் விதித்தோம். தலைப்புக்கும் பட்டைக்கும் அதே நிறத்தைக் கொடுத்தால் பொத்தான் மறுபடியும் கூட்டத்தில் மறைந்துவிடும்.

கருவி இல்லாமலும் ஒரு சோதனை செய்யலாம். கைப்பேசியைக் கை நீளத்துக்கு அப்பால் பிடித்து, கண்களைப் பாதி மூடிப் பாருங்கள். எழுத்துகள் கலங்கி, பெட்டிகளின் நிழல்கள்மட்டும் தெரியும். அப்போது முதலில் கண்ணில் படுவது பிரதானப் பொத்தானாகவோ, அதன்மேல் உள்ள புடவைப் படமாகவோ இருக்கவேண்டும். வேறொன்றானால் அந்த வேறொன்றை அடக்கவேண்டும். பொத்தானை இன்னும் பெரிதாக்குவது மருந்தன்று.

தமிழ் எழுத்துக்கு இடம்

ஆங்கிலப் பக்கத்துக்கென ஆயத்தமான பொத்தானை அப்படியே எடுத்துத் தமிழைப் பொருத்தும்போது ஒரு குறை அடிக்கடி நேர்கிறது. பொத்தானின் உயரத்தை 36 பிக்சல் என்று கட்டிப்போட்டிருப்பார்கள். தமிழில் இகர ஈகாரக் குறிகள் மேலே எழும். உகர ஊகாரக் குறிகள் கீழே இறங்கும். வரிக்கு இடம் போதாவிட்டால் "பு" என்பதன் கீழ்ப்பகுதி வெட்டுண்டு "ப" போலத் தோன்றும். பார்வை குறைந்தவர்கள் கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். அவர்களுக்கு வாசகம் இரண்டு வரியாகி, இரண்டாவது வரி பெட்டிக்கு வெளியே போய்விடும். ஆகவே உயரத்தைக் கட்டாமல், குறைந்த அளவைமட்டும் சொல்லி, எழுத்துக்கு ஏற்றபடி பெட்டி வளருமாறு விடவேண்டும். பக்கம் அமைத்துக் கொடுக்கும் இளைஞரிடம் நாங்கள் கேட்டுப் பெற்ற அமைப்பு இதுதான்:

```css
.kaanga {
  display: block;
  box-sizing: border-box;
  min-height: 48px;
  padding: 12px 16px;
  font-size: 18px;
  line-height: 1.5;
  text-align: center;
  background: #800000;
  color: #ffffff;
}
```

இதில் `min-height` என்பதே உயிர்நாடி. அதன் இடத்தில் `height` என்று மட்டும் இருந்தால் மேற்சொன்ன குறை நேரும். எழுத்தின் வரி உயரம் 18-இன் ஒன்றரை மடங்காகிய 27. மேலும் கீழும் 12 வீதம் 24. ஆகவே பொத்தான் 51 பிக்சல் உயரம் பெறுகிறது. முன்பு கணக்கிட்ட 51 இதுவே. நெறிகளின் 2023-ஆம் ஆண்டுப் பதிப்பு, தொடும் இடம் குறைந்தது 24-க்கு 24 இருக்கவேண்டும் என்கிறது. அது கீழ் எல்லை; வசதியான அளவு அன்று. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு நிரல் எழுதுவோர் பின்பற்றும் அளவு 48. தறிவேலையால் தடித்த விரல்களுக்கு அதுவே பொருந்தும்.

பொத்தானைப் படமாக வரைந்து ஒட்டுவதும் கூடாது. படத்தில் உள்ள எழுத்து பெரிதாக்கும்போது கலங்கும். பார்வையற்றோருக்குப் பக்கத்தைப் படித்துக் காட்டும் கருவிக்கும் அது தானாகப் புலப்படாது.

ஐவரிடம் காட்டியது

இவற்றையெல்லாம் முடித்தபின், நெசவோடு தொடர்பில்லாத ஐந்து பேரிடம் பக்கத்தைக் காட்டினோம். மாற்றும் முன்பும் வேறு ஐவரிடம் காட்டியிருந்தோம். கையில் கைப்பேசியைக் கொடுத்து இரண்டே கேள்விகள்: "இந்தப் பக்கம் உங்களை என்ன செய்யச் சொல்கிறது? அதற்கு எங்கே அழுத்துவீர்கள்?" அதற்குமேல் நாம் வாய் திறக்கலாகாது. காரியதரிசி முதலில், "கீழே பாருங்கள் அம்மா" என்று சொல்லிவிட்டார். அந்தச் சோதனையைத் தள்ளிவிட்டு வேறொருவரைத் தேடினோம். வாங்குபவர் வீட்டில் தனியே பார்க்கும்போது அருகே நின்று வழிகாட்டக் காரியதரிசி இருக்கமாட்டார்.

பழைய பக்கத்தில் ஐவருள் ஒருவரே பொத்தானைக் கண்டார். இருவர் அதை ஒரு கோரிக்கை மனு என்று எண்ணினர். புதிய பக்கத்தில் நால்வர் உடனே சரியான இடத்தைத் தொட்டனர். ஐந்தாமவர் வயதான ஆசிரியை. அவர் பொத்தானைக் கண்டார். ஆனால் "யாரிடமாவது பேசிவிட்டுத்தான் வாங்குவேன்" என்றார். தொலைபேசி எண்ணோடு, எடுத்துப் பேசும் நேரத்தையும் சேர்த்தது அவர் சொல்லித்தான்.

கணக்கில் ஏமாறலாகாது

இனி, மாற்றத்தால் பலன் உண்டா என்று எவ்வாறு அறிவது? மூன்று எண்களை வாரந்தோறும் குறித்துவைக்கவேண்டும்: வந்தவர், பொத்தானை அழுத்தியவர், வாங்கி முடித்தவர். ஆனால் சிறிய எண்களை வைத்துக்கொண்டு வெற்றி முழக்கம் செய்யலாகாது. ஓர் உதாரணம் கொள்வோம். மாற்றும் முன் வந்த 200 பேரில் 6 பேரும், மாற்றிய பின் வந்த 200 பேரில் 10 பேரும் அழுத்தினார்கள் என்றால், அது தற்செயலாகவும் நேரக்கூடியதே. நூற்றுக்கு 3 என்பது நூற்றுக்கு 6 என இரட்டித்ததை ஓரளவு உறுதியாகச் சொல்லவே, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏறத்தாழ 750 வருகைகள் வேண்டும். நம் சங்கங்களுள் பலவற்றுக்கு அவ்வளவு வருகை சேர மாதங்கள் ஆகும். அதனால்தான் ஐவரிடம் நேரில் காட்டும் சோதனை நமக்கு அதிகம் உதவுகிறது.

பருவமும் ஏமாற்றும். ஆடியில் பழைய பக்கத்தையும் ஐப்பசியில் புதிய பக்கத்தையும் அளந்தால், உயர்ந்தது பொத்தானாலா தீபாவளியாலா என்று எவரும் சொல்ல இயலாது. வசதி இருப்பின் ஒரே வாரத்தில், வருபவர்களுள் பாதிப் பேருக்குப் பழையதும் பாதிப் பேருக்குப் புதியதும் காட்டி அளப்பதே நேர்மையானது.

பொத்தானைத் தெளிவாக்குவது வேறு, வருபவரை நெருக்குவது வேறு. "இன்னும் இரண்டே புடவைகள்" என்று பொய்யாக எழுதுவதும், கேளாத பொருளைக் கூடையில் சேர்ப்பதும், "வேண்டாம்" என்பவரை நாணச் செய்யும் வாசகமும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட விதிமுறைகளில் தடுக்கப்பட்டவை. கூட்டுறவுச் சங்கமும் அவற்றுக்கு உட்பட்டதே.

அலமாரி சொன்ன செய்தி

புதிய பக்கம் ஆவணி இறுதியில் வந்தது. விற்பனை கூடிற்று, ஆனால் பண்டிகையும் நெருங்கியதால் அதன் பங்கைப் பிரித்துச் சொல்ல நான் துணியமாட்டேன். நிச்சயமாகத் தெரிந்தது வேறொன்று. பலர் பொத்தானை அழுத்திப் புடவைகளைப் பார்த்தனர். கட்டம் போட்டவையும் இளநிறங்களும் அலமாரியை விட்டு அகன்றன. கருநீலப் புடவைகளைப் பலர் திறந்து பார்த்தும் எவரும் தேர்ந்தெடுக்கவில்லை. முன்பு எல்லாப் புடவைகளுக்கும் எதிரே பூஜ்யமே இருந்தது. காணாமல் போனவர் யார், கண்டும் வேண்டாதவர் யார் என்று தெரியவில்லை. கதவு தெரிந்த பிறகுதான் சரக்கைப் பற்றிய உண்மை வெளிவந்தது.

பிடிக்காத நிறத்தை எந்தப் பொத்தானும் விற்றுத் தராது. நிர்வாகக் குழு கூடி, அடுத்த பாவுக்குக் கருநீலச் சாயம் வேண்டாமென்று தீர்மானித்தது. மிஞ்சிய கருநீலப் புடவைகளைத் தள்ளுபடியில் கொடுப்பதா, பொங்கலுக்கு வைப்பதா என்ற விவாதம் நான் புறப்படும்வரை முடியவில்லை. ஆனால் அந்த விவாதத்தில், "கைத்தறிக்கு மதிப்பில்லை" என்று ஒருவரும் சொல்லவில்லை.